"தொந்தரவுக்கு மன்னிக்கணும் சேர்" என்று தொடங்கும் மெசேஜ்

கேள்வி:

நான் மட்டக்களப்பில ஒரு தொண்டு நிறுவனத்தில கள உதவியாளரா வேலைக்குச் சேந்து 8 மாசம். வவுணதீவுப் பக்கம் 72 குடும்பத்துக்கு வீட்டுத்தோட்டப் பொதி குடுக்கிற வேலை. ஒரு பொதி 6,500 ரூபா. பட்டியலச் சரிபாக்கேக்க 4 பேர் ரெண்டு தரம் பதிஞ்சிருந்தது பிடிபட்டது. அதில 3 பேருக்குக் கோல் எடுத்துக் கேட்டும் பாத்தன். ஓடர புதன் பகல் 12 மணிக்கு முதல் உறுதிப்படுத்தணும். செவ்வாய் பின்னேரம் திட்ட முகாமையாளருக்கு வட்ஸ்அப்பில இப்பிடி அனுப்பினன்:

"சேர், வணக்கம். தொந்தரவு செய்றதுக்கு முதல்ல மன்னிக்கணும். நீங்க பிஸியா இருப்பீங்க எண்டு தெரியும். நான் சொல்றது பிழையாவும் இருக்கலாம். வீட்டுத்தோட்ட லிஸ்ட சும்மா ஒருக்காப் பாத்தன். சில பேர் ரெண்டு தரம் வந்திருக்கிற மாதிரி இருக்கு எண்டு நினைக்கிறன். அடையாள அட்டை நம்பர் பழசும் புதுசுமா இருக்கிறதால வந்திருக்கலாமோ தெரியா. முந்தியே பாத்திருக்கணும், சொறி சேர். நாளைக்கு ஓடர் உறுதிப்படுத்தணும் எண்டும் சொன்னவங்க. என்ன செய்யலாம் சேர்? நீங்க எப்பிடிச் சொன்னாலும் சரி. நேரம் கிடைச்சா மட்டும் பாருங்க. மன்னிக்கவும்."

சேர் "சரி, பிறகு பாப்பம்" எண்டு போட்டார். புதன் 72க்கே ஓடர் போயிட்டு. அடுத்த நாள் கூட்டத்தில "இத ஏன் முதலே தெளிவாச் சொல்லல்ல?" எண்டு கேட்டார். நான் மரியாதையாத்தான் எழுதினன். உறுதியா எழுதினா, நேத்து வந்தவள் திமிராக் கதைக்கிறாள் எண்டு நினைக்க மாட்டாங்களா? பொதி குடுக்கிறது வாற வெள்ளிக்கிழம. இனி எப்பிடி எழுதணும்?

(வாசகி, மட்டக்களப்பு)

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் முகாமையாளர் அந்த மெசேஜ் கேட்டதைத்தான் செய்திருக்கிறார். "நேரம் கிடைச்சா மட்டும் பாருங்க" என்று நீங்கள் எழுதினீர்கள், "பிறகு பாப்பம்" என்று அவர் பதில் போட்டார். அந்த மெசேஜுக்கு அதைவிடப் பொருத்தமான பதில் இல்லை. அவர் அலட்சியமானவர் என்றோ, நீங்கள் திறமை குறைந்தவர் என்றோ இதிலிருந்து முடிவெடுக்க வேண்டாம்.

அவருடைய பக்கத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். செவ்வாய் பின்னேரம் அவர் எங்காவது ஒரு கூட்டத்தில் இருந்திருப்பார். போன் திரையில் மெசேஜின் முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும். அந்த வரிகளில் இருந்தது வணக்கம், தொந்தரவு, மன்னிப்பு, பிஸி. திறந்து பார்த்தாலும் பட்டியல் பற்றிய பேச்சு ஐந்தாவது வசனத்தில்தான் வருகிறது. எத்தனை பேர் என்று இல்லை. எவ்வளவு பணம் என்று இல்லை. "நாளைக்கு" இருக்கிறது, எத்தனை மணி என்று இல்லை. அவர் ஏதாவது முடிவெடுக்க வேண்டுமா, அல்லது சும்மா தெரிந்திருந்தால் போதுமா என்பதும் இல்லை. எல்லாம் உங்கள் கையில் இருந்தன. 72, 4, 3, 6,500, பகல் 12 மணி என்று எனக்கு எழுதிய கடிதத்தில் ஒவ்வொன்றையும் சொல்லியிருக்கிறீர்கள். அவருக்கு எழுதிய மெசேஜில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. மன்னிப்பும் தயக்கமும் அந்த இடங்களை எல்லாம் நிரப்பிவிட்டன.

திமிர் பற்றிய உங்கள் பயத்தை முதலில் பார்ப்போம். அது தீராமல் மற்றது எதையும் மாற்ற உங்களுக்கு மனம் வராது.

தமிழில் மரியாதை மூன்று இடங்களில் இருக்கிறது: கூப்பிடும் சொல்லில், வினைமுற்றில், கேட்கும் விதத்தில். "சேர், வணக்கம்" என்று தொடங்குவது மரியாதை. "பாருங்கள்", "சொல்லுங்கள்" என்று முடிப்பது மரியாதை. முடிவை அவரிடம் விட்டு "உங்கள் அனுமதி தேவை" என்பது மரியாதை. உங்கள் மெசேஜில் இருந்து மன்னிப்பு மூன்றையும் வெட்டிவிட்டு வாசித்துப் பாருங்கள். மரியாதை ஒரு துளியும் குறைந்திருக்காது, ஏனென்றால் அது அந்த மன்னிப்புகளில் இருக்கவில்லை.

திமிராகக் கேட்கும் எழுத்து வேறு. முதலாவது, மேலதிகாரிக்கு "-வும்" போட்டு முடிப்பது. "உடன் அனுமதி தரவும்", "இன்றே பதில் அனுப்பவும்" என்பவை சுற்றறிக்கையின் நடை. மேலிருந்து கீழே போகும்போது அது சாதாரணம், கீழிருந்து மேலே போனால் கட்டளையாகக் கேட்கும். தன்னம்பிக்கையோடு எழுதப் பழகுகிறவர்கள் அதிகம் வழுக்குகிற இடம் இதுதான். தயக்கத்தை எடுத்த இடத்தில் "-வும்" ஐ வைத்துவிடுவார்கள். "அறியத்தரவும்" என்பதை "அறியத்தாருங்கள்" ஆக்கினால் போதும், காரியமும் நடக்கும், கோணலாகவும் கேட்காது. இரண்டாவது, பிறர் மேல் பழியைப் போடுவது. "கிராம உத்தியோகத்தர் பிழையான பட்டியல் தந்திருக்கிறார்" என்பது அந்த வகை. மூன்றாவது, "நான் அப்பவே சொன்னேன்" என்பது. இந்த மூன்றும் இல்லாத வரைக்கும், எண்ணோடும் நேரத்தோடும் எழுதிய ஒரு மெசேஜை யாரும் திமிர் என்று எடுக்க மாட்டார்கள். வேலை தெரிந்த பிள்ளை என்றுதான் எடுப்பார்கள்.

இனி உங்கள் வசனங்களுக்கு வருவோம்.

"சில பேர் ரெண்டு தரம் வந்திருக்கிற மாதிரி இருக்கு எண்டு நினைக்கிறன்." இந்த ஒரு வசனத்தில் தயக்கம் மூன்று அடுக்காக இருக்கிறது: "சில", "மாதிரி", "நினைக்கிறன்". நீங்களோ எண்ணிப் பார்த்திருக்கிறீர்கள், 4 பேர் என்று தெரியும். கண்ணால் கண்டதையும் எண்ணிக் கணக்கிட்டதையும் நேரடி வினைமுற்றோடு முடியுங்கள்: "4 பேர் இரண்டு தடவை பதிவாகியிருக்கிறார்கள்." அங்கே "நினைக்கிறேன்" வந்தால் வாசிப்பவர் நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்றே எடுத்துக்கொள்வார்.

"நாளைக்கு ஓடர் உறுதிப்படுத்தணும் எண்டும் சொன்னவங்க." யார் சொன்னவர்கள்? இது பிறர் சொல்லிக் கேட்ட விடயம். கேட்டதைக் கேட்டதாகவே எழுதலாம், ஆனால் சொன்ன ஆள் வேண்டும்: "புதன் பகல் 12 மணிக்கு முன் உறுதிப்படுத்த வேண்டும் என்று சப்ளையர் சொன்னார்." சொன்ன ஆள் தெரிந்தால் முகாமையாளர் தேவைப்பட்டால் அவரிடமே கேட்பார், அந்தப் பாரம் உங்கள் தலையில் இருக்காது.

மிஞ்சுவது நீங்கள் ஊகித்தது. ஊகத்துக்கு "நினைக்கிறேன்" பொருத்தமான சொல், ஒரு தடவை வந்தால் போதும். "வந்திருக்கலாமோ தெரியா" என்று அடுக்கத் தேவையில்லை. ஆக, ஒவ்வொரு வசனத்தையும் அனுப்பும் முன் உங்களிடமே கேளுங்கள்: இது நான் கண்டதா, கேட்டதா, ஊகித்ததா? வசனத்தின் முடிவு அதற்கு ஏற்றபடி அமையட்டும். எல்லாவற்றையும் உறுதியாகச் சொல்வது தன்னம்பிக்கை ஆகாது. உறுதியானது எது, உறுதியில்லாதது எது என்று பிரித்துக் காட்டினால்தான் முகாமையாளர் உங்கள் சொல்லை நம்பி முடிவெடுப்பார். உங்களுடைய பட்டியலில் உண்மையிலேயே உறுதியில்லாதது ஒன்றே ஒன்று, போனில் பிடிக்க முடியாமல் போன அந்த நான்காவது ஆள். சந்தேகம் முழுவதையும் அங்கே வையுங்கள், மற்ற இடங்களில் இருந்து எடுத்துவிடுங்கள்.

அடையாள அட்டை விடயம் உங்களுக்கு ஊகமாகவே நிற்கத் தேவையில்லை, அதைச் சரிபார்க்கலாம். பழைய இலக்கம் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும். புதியது 12 இலக்கங்கள். பழைய இலக்கத்தின் முன்னால் 19 ஐச் சேர்த்து, அதன் முதல் 5 இலக்கங்களுக்குப் பின் ஒரு 0 ஐ நுழைத்து, கடைசி எழுத்தை விட்டால் புதிய இலக்கம் வரும். கடதாசிப் பட்டியல் என்றால் பென்சிலால் எதிர்ப்பக்கமாகச் செய்யுங்கள்: 12 இலக்கத்தில் முதல் இரண்டையும் எட்டாவதாக வரும் 0 ஐயும் வெட்டினால் பழைய 9 இலக்கம் கிடைக்கும். கணினியில் இலக்கங்கள் A நிரலில் இருந்தால், B2 இல் முதல் வரியையும் C2 இல் இரண்டாவது வரியையும் போட்டுக் கீழே இழுத்து விடுங்கள்:

```
=IF(LEN(TRIM(A2))=10,"19"&LEFT(TRIM(A2),5)&"0"&MID(TRIM(A2),6,4),TRIM(A2))
=COUNTIF(B:B,B2)
```

C நிரலில் 2 என்று வரும் வரிகள்தான் இரட்டைப் பதிவு. TRIM ஐ விட்டுவிடாதீர்கள். பட்டியலைத் தட்டச்சுச் செய்தவர் இலக்கத்துக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டிருந்தால், அது இல்லாமல் அந்த ஆள் தப்பிவிடுவார். இலக்கமே பிழையாக எழுதப்பட்டிருந்தால் இந்த முறையிலும் பிடிபடாது. அதனால் பெயரையும் கிராம சேவகர் பிரிவையும் வரிசைப்படுத்தி ஒருமுறை கண்ணால் ஓடவிடுங்கள். இவ்வளவும் செய்த பிறகு "வந்திருக்கலாமோ தெரியா" என்ற வசனத்துக்கு இடமே இருக்காது. தயக்கமான வசனங்களில் பாதி, சரிபார்க்க வேண்டிய ஒன்றைச் சரிபார்க்காமல் எழுதுவதால்தான் வருகின்றன. அவற்றைச் சொல்லை மாற்றித் திருத்த முடியாது.

"சும்மா ஒருக்காப் பாத்தன்" என்பதையும் எடுத்துவிடுங்கள். 72 வரியை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மூன்று வீட்டுக்குப் போன் எடுத்ததைச் "சும்மா" என்றால், வாசிப்பவரும் அதைச் சும்மா பார்த்த ஒன்றாகவே எடுப்பார். "பட்டியலைச் சரிபார்த்தேன்" என்று எழுதுங்கள். அது பெருமை பேசுவது ஆகாது, அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆதாரம்.

அடுத்தது "என்ன செய்யலாம் சேர்? நீங்க எப்பிடிச் சொன்னாலும் சரி." இந்த வரி முழு வேலையையும் அவர் தலையில் போடுகிறது. அவர் முதலில் பிரச்சினையை விளங்க வேண்டும், பிறகு வழிகளை யோசிக்க வேண்டும், பிறகு ஒன்றைத் தேர வேண்டும், பிறகு அதை உங்களுக்கு எழுத வேண்டும். போனைப் பார்க்க அரை நிமிடம் கிடைத்தவர் இதையெல்லாம் செய்ய மாட்டார். பட்டியலோடு இருந்தவர் நீங்கள், வழிகளை நீங்கள்தான் நன்றாக அறிவீர்கள். இங்கே வழி இரண்டு. ஒன்று, ஓடரை 68 ஆகக் குறைப்பது. மற்றது, 72 ஐ அப்படியே வைத்துக்கொண்டு காத்திருப்புப் பட்டியலில் இருந்து 4 குடும்பங்களைச் சேர்ப்பது. இரண்டையும் சொல்லி, நீங்கள் விரும்பும் ஒன்றைக் காரணத்தோடு முன்வையுங்கள். அவருக்கு மிஞ்சுவது "ஓம்" அல்லது "இல்லை, மற்றதைச் செய்யுங்க". ஒற்றை விரலால் போடக்கூடிய பதிலாக அது இருக்க வேண்டும்.

அந்தச் செவ்வாய் பின்னேரம் இப்படி எழுதியிருக்கலாம்:

> சேர், வணக்கம். வீட்டுத்தோட்டப் பொதி ஓடரை 72 இலிருந்து 68 ஆகக் குறைக்க உங்கள் அனுமதி தேவை, நாளை (புதன்) பகல் 12 மணிக்கு முன்.
>
> பட்டியலைச் சரிபார்த்தேன். 4 பேர் பழைய அடையாள அட்டை இலக்கத்திலும் புதிய இலக்கத்திலும் இரண்டு தடவை பதிவாகியிருக்கிறார்கள். 3 பேரிடம் போனில் கேட்டு உறுதிப்படுத்திவிட்டேன். நான்காமவரைப் பிடிக்க முடியவில்லை. நாளை காலை வீட்டுக்குப் போய்ப் பார்த்து 10 மணிக்குள் சொல்கிறேன். அவர் வேறு ஆள் என்றால் 69.
>
> 72 க்கே ஓடர் போனால் 4 பொதி, 26,000 ரூபா கூடுதலாகப் போகும். காத்திருப்புப் பட்டியலில் இருந்து 4 குடும்பங்களைச் சேர்த்து 72 ஐ அப்படியே வைக்கவும் முடியும். ஆனால் கிராம உத்தியோகத்தரின் கையொப்பத்தை நாளை பகலுக்குள் எடுப்பது கடினம். அதனால் 68 நல்லது என்று நினைக்கிறேன்.
>
> திருத்திய பட்டியலை ஈமெயிலில் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் ஓம் என்றதும் சப்ளையருக்கு அறிவிக்கிறேன்.

முதல் வரியைப் பாருங்கள். போன் திரையில் தெரியும் அந்த ஒன்றிரண்டு வரிக்குள் எதற்கு அனுமதி என்பதும் எப்போதைக்கு என்பதும் வந்துவிட்டன. திறக்காமலே அவருக்கு இது இன்று பார்க்க வேண்டியது என்று தெரியும். "நினைக்கிறேன்" ஒரே ஒரு தடவை வருகிறது, அதுவும் உங்கள் கருத்தைச் சொல்லும் இடத்தில். மன்னிப்பு இல்லை, ஏனென்றால் இங்கே மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை. ஓடர் போவதற்கு முன் பிழையைப் பிடித்தவர் நீங்கள். உங்களுடைய மெசேஜைவிட இது நீளம்தான், ஆனால் இடத்தை எதற்குக் கொடுத்திருக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

இதில் கவனமாக விடப்பட்டிருப்பது ஒன்று உண்டு. "பதில் வராவிட்டால் 68 க்கு உறுதிப்படுத்திவிடுவேன்" என்ற வசனம் இல்லை. தன்னம்பிக்கையாக எழுதச் சொல்பவர்கள் சிலர் இந்த வசனத்தைச் சிபாரிசு செய்வார்கள். கூட்டத்துக்கு எத்தனை கதிரை, பதிவுத் தாள் எந்த நிறம் போன்றவற்றில் அது பரவாயில்லை. பணமும் கொள்வனவும் உள்ள இடத்தில் ஒருபோதும் எழுதாதீர்கள். ஓடரை மாற்றும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. கணக்காய்வு வரும்போது மௌனத்தை அனுமதியாக யாரும் ஏற்க மாட்டார்கள். உங்கள் கைக்குள் இருப்பதை மட்டும் வாக்குறுதியாகக் கொடுங்கள்: நாளை காலை போவேன், 10 மணிக்குள் சொல்வேன், ஓம் என்றதும் அறிவிப்பேன்.

பதில் வராவிட்டால் என்ன செய்வது? இந்த விடயத்தில் பின்னேரம் 3 மணிக்கு அனுப்பியதை 5 மணி வரை அவர் பார்க்காவிட்டால் கோல் எடுக்க வேண்டும். "மெசேஜ் பாத்தீங்களா சேர்?" என்று தொடங்க வேண்டாம். "சேர், நாளைக்குப் பகல் 12 மணிக்கு முதல் பொதி ஓடர 68 ஆக்கணும், உங்கட அனுமதி வேணும், விவரம் வட்ஸ்அப்பில இருக்கு" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். கோலும் கிடைக்காவிட்டால் அவருக்கு அடுத்த பொறுப்பில் இருப்பவருக்குச் சொல்லலாம், ஆனால் அதை அவருக்கும் தெரியப்படுத்தி. சப்ளையரிடம் புதன் பின்னேரம் 4 மணி வரை பொறுக்க முடியுமா என்று கேட்பதும் உங்கள் கைக்குள் இருப்பதுதான், அது எந்த முடிவையும் மாற்றாது.

பதில் வந்தாலும் கவனம் தேவை. நம் பக்கத்தில் "சரி" என்றால் கண்டேன் என்றும் பொருள், ஒத்துக்கொண்டேன் என்றும் பொருள். வெறும் "சரி" வந்தால் உடனே "நன்றி சேர். 68 க்கு இப்போது உறுதிப்படுத்துகிறேன்" என்று போடுங்கள். அவர் மற்றதை நினைத்திருந்தால் அந்த இடத்தில் தடுத்துவிடுவார். இந்த ஒரு வரி உங்களையும் காக்கும், அவரையும் காக்கும்.

மன்னிப்பை முற்றாக விட்டுவிடச் சொல்லவில்லை. நீங்கள் உண்மையிலே ஒரு பிழை விட்டிருந்தால் கேட்கத்தான் வேண்டும். அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு: என்ன பிழை, எப்படித் திருத்தினேன், பிறகு மன்னிப்பு, ஒரே தடவை. "நேற்று அனுப்பிய வவுச்சர் விவரத்தில் போக்குவரத்துத் தொகையை 4,500 என்பதற்குப் பதில் 5,400 என்று பிழையாகப் போட்டுவிட்டேன். திருத்தியதை இப்போது அனுப்பியிருக்கிறேன், பழையதைப் பாவிக்க வேண்டாம். மன்னிக்கவும் சேர்." இங்கே "பிழை ஏற்பட்டுள்ளது" என்று எழுதினால் யாரோ செய்த பிழை போல ஒலிக்கும், பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகத் தெரியும். "போட்டுவிட்டேன்" என்பதுதான் நிமிர்ந்த வசனம். தாமதமானால் "பொறுமைக்கு நன்றி" என்று எழுதும் வழக்கம் இப்போது பரவுகிறது. நீங்கள் அதைப் பின்பற்ற வேண்டாம். காத்திருந்தவருக்கு அது எரிச்சலைத்தான் தரும். தாமதம் உங்களுடையது என்றால் "தாமதத்துக்கு மன்னிக்கவும்" என்பதே நேர்மை.

நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கான மன்னிப்பும் ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் காத்தான்குடியில் இருக்கும் ஒருவருக்கு மெசேஜ் போட்டுவிட்டு "இந்த நேரத்தில் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும்" என்று எழுதுவதைவிட, 2 மணி வரை பொறுத்து அனுப்புவதுதான் மரியாதை. இரவு 9 மணிக்கு நினைவு வந்தால் காலையில் அனுப்புங்கள். கட்டாயம் இரவே அனுப்ப வேண்டியிருந்தால் "நாளை காலை பார்த்தால் போதும்" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். அந்த வசனம் அவருக்கு நேரத்தைக் கொடுக்கிறது. "நேரம் கிடைச்சா பாருங்க" அப்படி எதையும் கொடுப்பதில்லை, அவர் பார்க்காமலே விடவும் இடம் வைக்கிறது.

உங்கள் முகாமையாளர் பேச்சு நடையில் எழுதுகிறவர் என்றால் நீங்களும் பேச்சு நடையிலேயே எழுதலாம். "4 பேர் ரெண்டு தரம் பதிஞ்சிருக்கு சேர். ஓடர 68 ஆக்க உங்கட அனுமதி வேணும், நாளைக்கு 12 மணிக்கு முதல்" என்பது மேலே உள்ளதைவிட எந்த விதத்திலும் குறைந்ததில்லை. எழுத்து நடைக்கு மாறினால்தான் தன்னம்பிக்கை தெரியும் என்று எண்ண வேண்டாம். ஈமெயிலில் மட்டும் எழுத்து நடையைப் பிடியுங்கள், அது கோப்பில் இருக்கப் போகிறது.

இனி இப்போதைய நிலை. 72 பொதியும் வரப் போகின்றன. பெறுபவர்கள் 68 பேர், அந்த நான்காமவர் வேறு ஆள் என்றால் 69. வெள்ளிக்கிழமை விநியோக இடத்தில் பொதி மிஞ்சி நிற்கும்போது யாருக்குக் கொடுப்பது என்று அங்கேயே முடிவெடுக்க நேர்ந்தால் ஊருக்குள் கதை வளரும். முதலில் அந்த நான்காமவரின் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிடுங்கள். இந்தத் தடவை கிராம உத்தியோகத்தரின் கையொப்பம் எடுக்க நாள் இருக்கிறது, ஆகவே அன்று கடினமாக இருந்த வழி இன்று நல்ல வழி. அவர் அதே ஆள்தான் என்று தெரிந்தால் இதை இன்றே அனுப்புங்கள்:

> சேர், வணக்கம். மேலதிகமாக வரும் 4 வீட்டுத்தோட்டப் பொதிகளைக் காத்திருப்புப் பட்டியலில் உள்ள முதல் 4 குடும்பங்களுக்குக் கொடுக்க உங்கள் அனுமதி தேவை, புதன் பின்னேரத்துக்குள்.
>
> இரட்டைப் பதிவான 4 பேரும் உறுதியாகிவிட்டார்கள், நான்காமவரை நேரில் பார்த்தேன். அனுமதி கிடைத்தால் வியாழன் காலை கிராம உத்தியோகத்தரிடம் கையொப்பம் எடுத்து, திருத்திய பட்டியலை அன்று பின்னேரம் 3 மணிக்குள் உங்களுக்கும் கணக்காளருக்கும் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை விநியோகத்தில் அந்தப் பட்டியலையே பாவிப்போம்.
>
> 4 குடும்பங்களின் விவரம் ஈமெயிலில் இருக்கிறது.

"அன்று செவ்வாய்க்கிழமை நான் சொல்லியிருந்தேன்" என்ற வரியை இதில் சேர்க்க மனம் இழுக்கும். சேர்க்காதீர்கள். அந்த மெசேஜ் அவருடைய போனிலும் இருக்கிறது. அனுப்பும் முன் கிராம உத்தியோகத்தருக்கு ஒரு கோல் எடுத்து வியாழன் காலை அலுவலகத்தில் இருப்பாரா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். அவர் அன்று இல்லை என்றால் "வியாழன் காலை" என்பதை அவர் இருக்கும் நாளுக்கு மாற்றி, அதற்கேற்ப அனுமதி கேட்கும் நேரத்தையும் முன்னால் தள்ளி எழுதுங்கள்.